சராசரி 30,000, நடுவில் நிற்பவருக்கு 14,500: சம்பளக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் சிறு கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல் போடுவதும், பிஎஃப், இஎஸ்ஐ கட்டுவதும்தான் என் பிழைப்பு. பட்டியலைப் பார்ப்பவர்களும், அதில் பெயர் இருப்பவர்களும், கல்லூரி வாசலில் பிளக்ஸ் பார்த்துவிட்டு வரும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்க யூனிட்ல சராசரிச் சம்பளம் 30,000னு முதலாளி சொல்றார். அவ்வளவு வாங்குற ஆளை நான் பார்த்ததே இல்ல. பொய் சொல்றாரா?

பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் உள்ள வில்லங்கமே. சிப்காட் பக்கம் நான் கணக்கு பார்த்த ஒரு சிறு யூனிட்டின் பட்டியலை, தொகைகளை மாற்றி முழு எண்களாக்கிக் கீழே தருகிறேன். மொத்தம் 15 பேர். குறைந்த சம்பளத்திலிருந்து மேலே போகிறது.

| வரிசை | மாதச் சம்பளம் (ரூ.) |
|---|---|
| 1 | 11,000 |
| 2 | 11,500 |
| 3 | 12,000 |
| 4 | 12,500 |
| 5 | 13,000 |
| 6 | 13,500 |
| 7 | 14,000 |
| 8 | 14,500 |
| 9 | 15,500 |
| 10 | 17,000 |
| 11 | 19,000 |
| 12 (சூப்பர்வைசர்) | 24,000 |
| 13 (கெமிஸ்ட்) | 32,000 |
| 14 (மேனேஜர்) | 65,000 |
| 15 (டைரக்டர்) | 1,75,500 |

கூட்டினால் 4,50,000 ரூபாய். 15ஆல் வகுத்தால் சரியாக 30,000. முதலாளி சொன்ன எண் வந்துவிட்டது. ஆனால் அந்த 30,000க்கு மேல் வாங்குபவர்கள் கெமிஸ்ட், மேனேஜர், டைரக்டர் என மூன்றே பேர். மீதி 12 பேரும் அதற்குக் கீழே. சரியாக 30,000 வாங்குகிற ஆள் அந்த கேட்டுக்குள் ஒருவர்கூட இல்லை.

சராசரி என்பது மொத்தப் பணத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கு போட்டிருந்தால் தலைக்கு எவ்வளவு விழும் என்ற கணக்கு. யாரும் அப்படிப் பங்கு போடுவதில்லை. டைரக்டர் ஒருவரின் சம்பளமே மொத்தத்தில் 39 சதவீதம். அவருடைய பணம் கணக்கில் மட்டும் பதினைந்து பேருக்கும் பிரிந்து போகிறது, பேங்க் அக்கவுண்டில் அப்படிப் போவதில்லை.

மீடியன்னு சொல்றாங்களே, அது என்ன? எப்படி எடுக்கறது?

பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘இடைநிலை அளவு’ என்று படித்திருப்பீர்கள். சம்பளத்தைச் சின்னதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பவரைப் பார்ப்பதுதான். 15 பேரில் எட்டாவது ஆள் நடு. அவருக்குக் கீழே ஏழு பேர், மேலே ஏழு பேர். அவர் வாங்குவது 14,500. நான் இதை நடுச் சம்பளம் என்றுதான் சொல்லுவேன், கேட்பவருக்குச் சட்டென்று புரிகிறது. ஆட்கள் இரட்டைப்படை எண்ணிக்கையில் இருந்தால் நடுவில் இருவர் நிற்பார்கள். அந்த இரண்டு சம்பளத்தையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும்.

எக்செல் இருந்தால் வரிசைப்படுத்தும் வேலைகூட இல்லை:

```
=AVERAGE(B2:B16)
=MEDIAN(B2:B16)
=COUNT(B2:B16)
```

மூன்றாவது வரியை ஏன் போட்டேன் என்றால், தப்பு பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும். சம்பளத்தை எண்ணாக இல்லாமல் எழுத்தாக டைப் செய்திருந்தால் எக்செல் அந்தக் கட்டத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். 15 பேர் இருக்கிற பட்டியலுக்கு எண்ணிக்கை 13 என்று வந்தால் இரண்டு பேர் கணக்கில் இல்லை என்று அர்த்தம். காலிக் கட்டத்தையும் அது விட்டுவிடும், ஆனால் 0 போட்டிருந்தால் அதையும் ஒரு சம்பளமாக எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, 20ஆம் தேதி சேர்ந்தவருக்கு அந்த மாதம் ஐயாயிரம்தான் போயிருக்கும். அந்த ஐயாயிரத்தை வைத்துக் கணக்கு எடுக்கக் கூடாது, அவருடைய முழு மாதச் சம்பளத்தைப் போட வேண்டும்.

அந்த டைரக்டரை மட்டும் விட்டுட்டு சராசரி எடுத்தா சரியாயிடாதா?

எடுத்துப் பார்ப்போம். 14 பேருக்கு 2,74,500 ரூபாய், சராசரி சுமார் 19,600. இப்போதும் 11 பேர் அதற்குக் கீழேதான் இருக்கிறார்கள். சரி, மேனேஜரையும் எடுத்துவிடுங்கள். 13 பேருக்கு 2,09,500, சராசரி சுமார் 16,100. ஒன்பது பேர் இன்னும் கீழே. எத்தனை பேரைத் தூக்குவது, எங்கே நிறுத்துவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். தூக்குபவரின் விருப்பம்தான் விடையாக வந்து நிற்கும்.

சம்பளம் கீழ்ப்பக்கம் ஒரு தரையில் முட்டி நிற்கிறது. சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் ஒரு பக்கம், அந்தக் காசுக்கு ஆள் வரமாட்டார்கள் என்ற நிலைமை இன்னொரு பக்கம். மேல்பக்கம் கூரை கிடையாது. அதனால் கூட்டம் முழுக்க 11,000க்கும் 19,000க்கும் நடுவில் நெருக்கியடித்து நிற்கும், ஓரிருவர் மட்டும் எங்கோ தொலைவில் இருப்பார்கள். இப்படி ஒருபக்கம் இழுபட்ட பட்டியலில் சராசரி எப்போதும் அந்தத் தொலைவில் இருப்பவர் பக்கம் சாயும். பத்தாம் வகுப்புப் பையன்களின் உயரத்தை அளந்தால் சராசரியும் நடுவும் பக்கத்தில் பக்கத்தில் வரும், ஏனென்றால் ஐம்பது அடி உயரத்தில் ஒருவனும் இருக்கப் போவதில்லை. சம்பளத்தில் அப்படி ஆட்கள் உண்டு.

போன வருஷத்தைவிட சராசரிச் சம்பளம் 17 சதவீதம் ஏறிடுச்சுன்னு போர்டுல எழுதிட்டாங்க. எனக்கு ஒரு ரூபா ஏறலையே?

மேலே உள்ள அதே பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். டைரக்டருக்கு மட்டும் மாதம் 75,000 கூட்டுவோம். மற்ற 14 பேருக்கு ஒன்றும் இல்லை. மொத்தம் 5,25,000 ஆகிறது, சராசரி 35,000. முப்பதாயிரத்துக்கு ஐயாயிரம் கூடினால் 16.7 சதவீதம், அதை 17 என்று எழுதலாம். நடுச் சம்பளம் அதே 14,500லேயே நிற்கிறது.

உங்கள் கம்பெனியில் இதுதான் நடந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆட்கள் மாறாமல் சராசரி நன்றாக ஏறி, நடுச் சம்பளம் ஏறவில்லை என்றால், கூடிய பணத்தில் பெரும்பகுதி வரிசையின் மேல்பாதிக்குத்தான் போயிருக்கும். அதனால் ஒரு எண்ணை மட்டும் கேட்காமல், இரண்டு வருடத்துக்கும் இரண்டு எண்ணையும் கேளுங்கள்.

அப்போ மீடியனை கண்ணை மூடிட்டு நம்பலாமா?

கூடாது. அதையும் ஏமாற்றலாம். நம் ஊரில் அது எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

பட்டியலில் குறைவாக வாங்கும் நான்கு பேரை (11,000 முதல் 12,500 வரை வாங்குபவர்கள்) ஒரு கான்ட்ராக்டரின் பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாளும் அதே நான்கு பேர் அதே கேட் வழியாக வந்து அதே வேலையைச் செய்கிறார்கள். ஆனால் கம்பெனிப் பட்டியலில் இப்போது 11 பேர். நடுவில் நிற்பது ஆறாவது ஆள், அதாவது பழைய பட்டியலின் பத்தாவது ஆள். நடுச் சம்பளம் 14,500லிருந்து 17,000க்குத் தாவிவிட்டது. சராசரியும் சுமார் 36,600 ஆகிவிட்டது. யாருக்கும் ஒரு பைசா கூடவில்லை.

முதன்முதலில் இதைப் பார்த்தபோது என் கணக்கில்தான் தப்பு என்று நினைத்து இரண்டு முறை சரிபார்த்தேன். அப்புறம்தான் மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பெயர்கள் குறைந்திருப்பது தெரிந்தது. அந்த கம்பெனியின் ஆண்டு விழாவில் ‘நடுத்தர ஊழியரின் சம்பளம் உயர்ந்தது’ என்று பேசினார்கள், கை தட்டலும் கிடைத்தது.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. எண்ணோடு ஆட்களின் எண்ணிக்கையையும் கேளுங்கள். போன வருடம் 15, இந்த வருடம் 11 என்றால், அந்த நால்வர் வேலையை விட்டுப் போனார்களா, பட்டியல் மாறினார்களா என்று அடுத்த கேள்வி தானாக வரும். இரண்டு வருடமும் பட்டியலில் இருந்தவர்களை மட்டும் எடுத்து, அவரவருக்கு எவ்வளவு கூடியது என்று வரிசைப்படுத்தி நடுவைப் பார்த்தால் உண்மை தெரியும். மேலே சொன்ன 11 பேருக்கு அந்த விடை பூஜ்யம்.

இன்னொரு குறையும் உண்டு. நடுச் சம்பளம் கடைசி வரிசையில் இருப்பவர்களைப் பற்றி எதுவும் பேசாது. கீழே உள்ள மூன்று பேருக்கு ஆயிரம் ரூபாய் குறைத்தாலும் எட்டாவது ஆள் அங்கேயேதான் நிற்பார். அதனால் நான் பட்டியலைக் கால் கால் பங்காகவும் பார்ப்பேன். நம் உதாரணத்தில் நான்காவது ஆள் 12,500, எட்டாவது ஆள் 14,500, பன்னிரண்டாவது ஆள் 24,000. இந்த மூன்று எண்ணும் தெரிந்தால் அந்த யூனிட் எப்படிப்பட்டது என்று மனதில் ஒரு படம் வந்துவிடும்.

14,500ன்னா கையில எவ்வளவு வரும்?

முழுத் தொகைக்கும் பிஎஃப் பிடித்தால் 12 சதவீதம் 1,740 ரூபாய். இஎஸ்ஐ 0.75 சதவீதம், ரூபாய்க்கு முழுதாக்கினால் 109. கையில் 12,651. சூப்பர்வைசருக்கு 24,000 என்பதால் இஎஸ்ஐ கிடையாது, அதன் வரம்பு 21,000. ஒருவருக்குக் கையில் வரும் தொகையையும் இன்னொருவருக்கு மொத்தச் சம்பளத்தையும் போட்டு ஒரே பட்டியல் தயாரித்துவிடாதீர்கள். எது வேண்டுமானாலும் எடுக்கலாம், எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பாண்டிச்சேரில ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பிளக்ஸ்ல ‘ஆவரேஜ் பேக்கேஜ் 5.88 லட்சம்’னு போட்டிருக்கு. பொண்ணை சேர்க்கலாமா?

சேர்ப்பது உங்கள் விருப்பம். அந்த 5.88 எப்படி வரக்கூடும் என்று மட்டும் சொல்கிறேன், எண்கள் நான் போட்டுக்கொண்டவை.

ஒரு துறையில் 60 பேர் வேலை தேடினார்கள். 28 பேருக்குக் கிடைத்தது. இரண்டு பேருக்கு 30 லட்சம், மூன்று பேருக்கு 8 லட்சம், மீதி 23 பேருக்கும் 3.5 லட்சம். கூட்டினால் 164.5 லட்சம். 28ஆல் வகுத்தால் 5.88. பிளக்ஸில் அந்த 30 லட்சம் வாங்கிய இருவரின் போட்டோவும் இருக்கும். வேலை கிடைத்த 28 பேரில் நடுவில் நிற்பவர் வாங்குவது 3.5 லட்சம். வேலை தேடிய 60 பேரையும் நிறுத்தி, கிடைக்காத 32 பேருக்குப் பூஜ்யம் போட்டால் நடுவில் நிற்பவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

ஆக, எவ்வளவு என்று கேட்பதற்கு முன் எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். இதற்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் ஒரு படிவம் கொடுக்கின்றன, அதைத் தங்கள் இணையதளத்திலும் பிடிஎஃப் ஆகப் போட்டிருப்பார்கள். எத்தனை பேர் உரிய காலத்தில் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலை கிடைத்தவர்களின் மீடியன் சம்பளம் எவ்வளவு என்று வருடவாரியாக அதில் இருக்கும். சராசரி அல்ல, மீடியன். அதே கல்லூரியின் பிளக்ஸையும் அந்த பிடிஎஃப்பையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கல்லூரி தானே கொடுத்த எண்கள்தான் அவையும், ஆனாலும் விளம்பரத்தைவிட மேல்.

அந்த 3.5 லட்சமும் சிடிசி, அதாவது ஒரு ஆளுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்த வருடச் செலவுக் கணக்கு. மாதத்துக்கு 29,167 என்று ஆகிறது. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்தால் கம்பெனி கட்டும் பிஎஃப் 1,800ம் கிராஜுவிட்டிக்கு ஒதுக்கும் சுமார் 720ம் அதற்குள்ளேயே இருக்கும். பெண்ணின் பங்கு பிஎஃப் இன்னொரு 1,800. மிச்சம் சுமார் 24,800. ‘வேரியபிள் பே’ என்று ஒரு பகுதியை வைத்திருந்தால் அதற்கும் கீழே இறங்கும்.

புதுச்சேரியில தனிநபர் வருமானம் அதிகம்னு பேப்பர்ல வருதே. அதுவும் சம்பளக் கணக்குதானா?

இல்லை. தனிநபர் வருமானம் என்பது ஒரு பகுதியில் நடந்த உற்பத்தியின் மதிப்பிலிருந்து வருவது. தொழிற்சாலையின் லாபமும் அதில் சேரும், அந்த லாபம் மும்பையில் இருக்கும் பங்குதாரருக்குப் போனாலும் சரி. அப்புறம் அதைக் குழந்தைகள், வயதானவர்கள் உட்பட மொத்த மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். கடலூர் மாவட்டக் கணக்கிலும் நெய்வேலியின் நிலக்கரியும் மின்சாரமும் சேர்ந்தே வரும், அதைப் பார்த்துவிட்டுப் பண்ருட்டியில் முந்திரி உடைப்பவரின் கூலியை ஊகிக்க முடியாது.

எனக்கு மாசச் சம்பளமே கிடையாது, நாள் கூலி. என்னை எந்தக் கணக்குல சேர்ப்பாங்க?

இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குவார்கள். நாள் கூலி 700 என்றால் 26ஆல் பெருக்கி 18,200 என்று எழுதிவிடுவார்கள். அந்த மாதம் 14 நாள்தான் வேலை கிடைத்தது என்றால் வந்தது 9,800. கூலி உண்மை, மாத வருமானம் கற்பனை. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நல்ல மீன்பாடு உள்ள மாதத்தில் போய்க் கேட்டால் ஒரு பதில், மே மாதத்தில் கேட்டால் வேறு பதில். இவர்களுக்கெல்லாம் வருட வருமானத்தைக் கேட்டு 12ஆல் வகுத்து, பிறகு ஆட்களை வரிசைப்படுத்தினால்தான் நடுவில் நிற்பவர் யார் என்று தெரியும். முதலில் ஆளுக்கு ஆள் சரியான தொகை, அப்புறம்தான் மீடியன்.

அரசாங்கம் மீடியன் வெளியிடறதே இல்லையா?

ஊழியர்களின் வருமானத்துக்கு முக்கியமான ஆய்வு பிஎல்எஃப்எஸ். 2017 முதல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்துகிறது. மாதச் சம்பளக்காரர், நாள் கூலிக்காரர், சொந்தத் தொழில் செய்பவர் என்று தனித்தனியாக வருமானத்தைச் சொல்கிறது, இது நல்ல விஷயம். ஆனால் அறிக்கையின் வழக்கமான அட்டவணைகளில் இருப்பது சராசரிதான். மீடியன் வேண்டுமென்றால் அதன் மூலத் தரவை இலவசமாக இறக்கி நாமே எடுக்கலாம். அப்படி எடுக்கும்போது ஒவ்வொரு ஆளுக்கும் கொடுத்திருக்கும் ‘மல்டிப்ளையர்’ எண்ணைச் சேர்த்துத்தான் வரிசையைப் பாதியாகப் பிரிக்க வேண்டும். ஆய்வில் வரும் ஒருவர் வெளியே ஆயிரம் பேரின் சார்பில் நிற்கலாம், இன்னொருவர் முந்நூறு பேரின் சார்பில். அதை விட்டுவிட்டால் கணக்கு பிசகும்.

ஆய்வில் சம்பளம் கேட்டால் மக்கள் 10,000, 12,000, 15,000 என்று முழு எண்ணாகத்தான் சொல்வார்கள். 11,870 என்று யார் சொல்லப் போகிறார்கள்? அதனால் ஆய்வு மீடியன் சில வருடம் 10,000லேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டு, திடீரென்று 12,000க்குத் தாவலாம். தாவிய வருடத்தில் ஏதோ அதிசயம் நடந்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் வேலை சுலபம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 197(12) பிரிவின்படி, ஒவ்வொரு டைரக்டரின் சம்பளமும் ஊழியர்களின் மீடியன் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்று ஆண்டறிக்கையில் சொல்லியாக வேண்டும். மீடியனை எப்படி எடுப்பது என்றுகூட விதியிலேயே விளக்கம் இருக்கிறது. நம் சின்ன யூனிட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, இருந்திருந்தால் 12.1 மடங்கு என்று எழுதியிருப்பார்கள். ஆண்டறிக்கையில் இதைப் படிக்கும்போது கான்ட்ராக்ட் ஆட்கள் பொதுவாக அந்த ஊழியர் கணக்கில் வரமாட்டார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

சராசரிக்கு உபயோகமே இல்லையா அப்போ?

நிறைய இருக்கிறது. முதலாளிக்கு மாதம் எவ்வளவு பணம் புரட்ட வேண்டும் என்று தெரிய வேண்டும். சராசரி 30,000ஐ 15ஆல் பெருக்கினால் 4,50,000, சரியாக வந்துவிடும். 14,500ஐப் பெருக்கினால் 2,17,500தான் வரும், ஒன்றாம் தேதி தேவையான பணத்தில் பாதிகூட இருக்காது. இரண்டு யூனிட்டின் சராசரியையும் ஆட்கள் எண்ணிக்கையையும் வைத்து மொத்தச் சராசரியை எடுத்துவிடலாம். மீடியனை அப்படிச் சேர்க்க முடியாது, இரண்டு பட்டியலையும் ஒன்றாகக் கலந்து மறுபடி வரிசைப்படுத்தித்தான் ஆக வேண்டும். செலவைப் பற்றிய கேள்வி என்றால் நானும் சராசரியைத்தான் எடுப்பேன்.

வேலைக்கு நேர்காணல் போறேன். ‘இங்க மீடியன் என்ன சார்’னு கேட்டா சிரிப்பாங்களே?

அப்படிக் கேட்க வேண்டாம். ‘இதே வேலையில் இங்கே ரெண்டு வருஷமா இருக்கிறவர் இப்போ கையில் எவ்வளவு வாங்குறார் சார்?’ என்று கேளுங்கள். ‘அது ஆளைப் பொறுத்தது’ என்பார்கள். ‘பெரும்பாலானவங்க எதுக்குள்ள இருக்காங்க?’ என்று இன்னொரு முறை கேளுங்கள். பிறகு கேட்டுக்கு வெளியே டீக்கடையில் அதே வேலை பார்க்கும் மூன்று பேரிடம் பேச்சுக் கொடுங்கள். மூன்று தொகையில் நடுவில் உள்ளதை எடுத்துக்கொண்டு, உங்களிடம் சொன்ன தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று பேர் ரொம்பக் குறைவுதான், ஐந்து பேர் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் ஒருவராவது கான்ட்ராக்ட் ஆளாக இருக்கட்டும்.